நால்வர் வீட்டில் ஒருவர் விலகும்போது

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர், இரத்தினபுரி நகரில் மூன்று நண்பர்களுடன் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். மாத வாடகை 24,000 ரூபா. மூன்று மாத முற்பணம் 72,000 ரூபா. அதில் அவர் பங்கு 18,000 ரூபா. கொழுந்து பறிக்கும் தாயார் சீட்டெடுத்துக் கொடுத்த பணம் அது. கேகாலைக்கு வேலை மாற்றம் கிடைத்ததும், அப்பணத்தை மீட்கும் வழி கேட்டு எம்மிடம் வந்தார்.

வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். பலரும் தவறுவது இங்கேதான். முற்பணம் நால்வருக்குமாகச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. வீடு முழுவதும் காலியாகும்போதுதான் பெரும்பாலும் அது திரும்பும். ஒருவர் மட்டும் விலகினால், அவர் இடத்துக்கு வருபவரே அப்பங்கைக் கொடுத்தல் வேண்டும். ஆகையால் முதலில் அறிய வேண்டியவர்கள் நண்பர்கள். ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால் புதியவரைத் தேட அவகாசம் இருக்கும். புதியவர் கிடைக்காவிடின் மற்ற மூவரின் வாடகை 6,000 ரூபாவிலிருந்து 8,000 ரூபாவாக உயர்ந்துவிடும். நட்புக் கசப்பது இந்த இரண்டாயிரத்தில்தான்.

அடுத்து வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம். விலகும் நாள், புதிதாக வருபவரின் பெயர், முற்பணப் பங்கு அவருக்கு மாறும் செய்தி ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். வீட்டுக்காரர் சிங்களவராயின் அவருக்கு விளங்கும் மொழியிலேயே எழுதி, பிரதியொன்றில் அவர் கையொப்பத்தைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரே விலகுகிறார் என்றால் கடிதம் போதாது. ஒப்பந்தத்தையே மாற்றி எழுத வேண்டும். இல்லையேல் பின்னாளைய பாக்கி அவரைத் தேடி வரலாம்.

பின்பு நால்வரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தனர். உடைந்த சன்னல் கண்ணாடி ஒன்றுக்கு 2,000 ரூபா ஆகும் எனத் தெரிந்தது. தாம் உடைக்காத கண்ணாடிக்குப் புதியவர் ஏன் பணம் இழக்க வேண்டும்? ஆளுக்கு 500 ரூபா கழித்து, 17,500 ரூபாவையே அவர் கொடுத்தார்.

மின்பட்டியல்தான் எஞ்சியது. வாடகையை மாத முடிவுவரை நம் இளைஞர் கொடுத்துவிட்டார். ஆனால் வீட்டில் இருந்ததோ 15 நாள். புறப்படும் நாளில் மின்மானியைப் பார்த்துக் கணக்கிடலாமே எனின், பாவனை கூடக் கூட ஓர் அலகின் விலையும் உயர்வதால், மாதம் முடியுமுன் விலை தெரியாது. ஆகவே ஆள்நாள் கணக்கே எளிது. மூவர் 30 நாள் இருந்தால் 90. இவருடைய 15 சேர 105. பட்டியல் 4,200 ரூபா வந்தது. ஓர் ஆள்நாளுக்கு 40 ரூபா. இவர் பங்கு 600. மற்றவர்களுக்கு ஆளுக்கு 1,200.

பட்டியல் பின்னர்தான் வரும் என்பதால், சென்ற மாதக் கணக்கைப் பார்த்து 700 ரூபாவை நண்பர்களிடம் விட்டுச் சென்றிருந்தார். மீதி 100 ரூபா கேகாலைக்கு வந்து சேர்ந்தது. 17,500 ரூபா தாயாரின் சீட்டுக் கடனுக்குப் போயிற்று.