வித்தியாசம் பிடிபட்டால் கணக்கு சரியாகிவிடுமா?

பதினொன்றாம் வகுப்பில் வங்கிச் சரிகட்டும் பட்டியலை நடத்தும்போது, ரொக்க ஏட்டின் இருப்பும் வங்கி அறிக்கையின் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று மாணவர்களைத் தேடச் சொல்கிறோம். இதே வேலை நிறுவனங்களில் இன்னோர் இடத்திலும் மாதந்தோறும் நடக்கிறது. சரக்கு வழங்குபவர் மாத முடிவில் ஒரு கணக்கு அறிக்கை அனுப்புவார். அதை நிறுவனப் பேரேட்டில் அவர் பெயரிலுள்ள கணக்கோடு ஒப்பிட்டுச் சரிகட்ட வேண்டும். அதன் பிறகே அவருக்குப் பணம் அனுப்பலாம். பாடநூலில் இல்லாத ஒரு சிக்கல் இதில் உண்டு. அதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம்.

இரண்டு இருப்புகள்

நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் ஒரு நிறுவனம், ஒரு காகித வணிகரிடம் கடனுக்குக் காகிதம் வாங்குகிறது. ஜூன் 30 அன்று நிறுவனம் ரூ.2,15,500 தர வேண்டும் என்கிறது வணிகரின் அறிக்கை. நிறுவனப் பேரேடோ ரூ.1,73,500 என்கிறது. வித்தியாசம் ரூ.42,000.

ஜூன் 28 அன்று நிறுவனம் ரூ.42,000-க்குக் காசோலை அனுப்பியிருக்கிறது. அது வணிகரின் அறிக்கையில் இன்னும் ஏறவில்லை. 'வித்தியாசம் இதுதான்' என்று கணக்கர் கையெழுத்திட்டு முடித்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த முறை பேரேட்டு இருப்பான ரூ.1,73,500 முழுவதும் வணிகருக்குப் போய்விடும். அதில் ரூ.26,500 தர வேண்டாத பணம். எப்படி என்பதை வரிகளைப் பிரித்து வைத்தால்தான் காண முடியும்.

வரிகளைப் பிரித்தெடுத்தல்

இரண்டு ஆவணங்களிலிருந்தும் மூன்று வகை வரிகளை மட்டும் எடுக்க வேண்டும்: பணம் தீராத பில்கள் (பாடநூலில் இடாப்பு என்கிறோம்), வரவுக் குறிப்புகள், செலுத்திய தொகைகள். ஒவ்வொன்றுக்கும் தேதி, எண், வகை, தொகை என நான்கு கட்டங்கள் போதும்.

வணிகரின் ஏட்டில் நாம் கடனாளி. ஆகவே பில் அவருக்குப் பற்று; நம் பேரேட்டில் அதே பில் வரவு. மாணவர்கள் குழம்பும் இடம் இது. பற்று, வரவு என்பதை விட்டுவிட்டு, தர வேண்டிய தொகையைக் கூட்டுவது எல்லாம் கூட்டல் குறி, குறைப்பது எல்லாம் கழித்தல் குறி என்று இரு பட்டியலிலும் ஒரே முறையில் எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

வணிகரின் அறிக்கை:

- பில் 411, மே 28: 42,000
- பில் 418, ஜூன் 5: 64,500
- பில் 426, ஜூன் 14: 38,000
- வரவுக் குறிப்பு 12, ஜூன் 18: −6,500
- பில் 433, ஜூன் 24: 51,000
- பில் 437, ஜூன் 29: 26,500

நிறுவனப் பேரேடு:

- பில் 411: 42,000
- பில் 418: 46,500
- பில் 426: 38,000
- பில் PM/25-26/0426: 38,000
- பில் 433: 51,000
- காசோலை, ஜூன் 28: −42,000

எண்ணை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல்

பேரேட்டின் நான்காவது வரியைப் பாருங்கள். மின்னஞ்சலில் வந்த பில்லை ஒருவர் 426 என்று பதிந்தார். சரக்கோடு வந்த தாளை இன்னொருவர் அதில் அச்சிட்டிருந்த முழு எண்ணோடு பதிந்தார். எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் மட்டுமே கணினி 'ஏற்கெனவே உள்ளது' என்று எச்சரிக்கும். இவை இரண்டும் அதற்கு வெவ்வேறு பில்கள்.

எக்செலில் பில் எண் B கட்டத்தில் இருந்தால், கடைசி நான்கு இலக்கங்களை எடுத்து எண்ணாக மாற்றி C கட்டத்தில் வைக்கலாம். பிறகு அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணலாம்.

```
=VALUE(RIGHT(B2,4))
=COUNTIF(C:C,C2)
```

426-க்கு நேராக 2 என்று வரும். ஆனால் எண் மட்டும் ஒத்துப்போனால் போதாது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது. அடுத்த நிதியாண்டில் அதே வரிசை மறுபடி தொடங்கலாம். ஆகவே தேதியையும் தொகையையும் சேர்த்துப் பார்த்த பிறகே இரட்டைப் பதிவு என்று முடிவு செய்ய வேண்டும்.

பொருந்தாத ஐந்து வரிகள்

இரு பட்டியலையும் எண்வாரியாக இணைத்தால் 411, 433 ஆகிய பில்களும் 426-இன் ஒரு பதிவும் பொருந்திவிடுகின்றன. மீதமுள்ளவை ஐந்து.

முதலாவது, வழியிலிருக்கும் காசோலை. இது காலத்தால் வந்த வேறுபாடு. ஜூலை மாத வங்கி அறிக்கையில் அது பணமானதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது, பில் 437. வணிகர் ஜூன் 29-இல் சரக்கை அனுப்பினார். அது ஜூலை 2-இல்தான் வந்து சேர்ந்தது. சரக்கு வந்த பிறகே பதிவது இந்நிறுவனத்தின் வழக்கம் என்பதால் இதுவும் காலத்தால் வந்ததே.

மூன்றாவது, பில் 418. ரூ.64,500 என்பது 46,500 என இடம் மாறிப் பதிவாகியிருக்கிறது. பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும், 18,000 வகுபடுகிறது. இடமதிப்பு நடத்தும் ஆசிரியர் இதன் காரணத்தைத் தொடக்க வகுப்பிலேயே காட்டலாம். ஆனால் இந்தச் சோதனையை ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும். மொத்த வித்தியாசமான 42,000 ஒன்பதால் வகுபடவில்லை. ஆயினும் தவறு உள்ளேதான் இருக்கிறது.

நான்காவது, நனைந்துபோன காகிதத்துக்காக வணிகர் தந்த வரவுக் குறிப்பு ரூ.6,500. அது கணக்குப் பிரிவுக்கு வரவே இல்லை. ஐந்தாவது, 426-இன் இரட்டைப் பதிவு ரூ.38,000.

இப்போது சிக்கலின் வேர் தெரிகிறது. 437-உம் 418-உம் சேர்ந்து பேரேட்டு இருப்பை அறிக்கையைவிட ரூ.44,500 குறைத்துக் காட்டின. வரவுக் குறிப்பும் இரட்டைப் பதிவும் சேர்ந்து அதே ரூ.44,500 கூட்டிக் காட்டின. நான்கும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் காசோலைத் தொகை மட்டும் வெளியே நின்றது.

இருபுறமும் திருத்துதல்

பேரேட்டில் செய்ய வேண்டிய திருத்தங்கள் பேரேட்டில்: 1,73,500 + 18,000 − 38,000 − 6,500 = 1,47,000. காலத்தால் வந்தவை அறிக்கையின் பக்கம்: 2,15,500 − 42,000 − 26,500 = 1,47,000.

இரு விடைகளும் ஒத்திருப்பது மட்டும் போதாது. தீராத வரிகளை நேரடியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்: 418, 426, 433 ஆகிய பில்கள் சேர்ந்து 1,53,500. வரவுக் குறிப்பு 6,500-ஐக் கழித்தால் 1,47,000. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு தாளைக் காட்ட முடிகிறது. சரிகட்டல் இங்கேதான் முடிகிறது.

வரவுக் குறிப்பில் மட்டும் ஓர் எச்சரிக்கை. வழங்குபவர் தன் அறிக்கையில் பில்களை மட்டும் காட்டி, வரவுக் குறிப்புகளை விட்டுவிடுவதும் உண்டு. அப்போது இரண்டு ஆவணங்களிலும் அது இருக்காது. எந்த ஒப்பீட்டிலும் பிடிபடாது. கிடங்கில் உள்ள சரக்குத் திருப்பிய பதிவேட்டைத் தனியாகப் பார்த்தால்தான் தெரியும்.

வகுப்பில் இதைச் செய்துபார்க்க விரும்பினால், ஒரு குழுவுக்கு வணிகரின் பட்டியலையும் இன்னொரு குழுவுக்குப் பேரேட்டையும் கொடுங்கள். முதலில் இருப்புகளை மட்டும் சொல்லி, காரணம் கேளுங்கள். காசோலையைக் கண்டதும் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு, எவ்வளவு பணம் அனுப்பலாம் என்று கேட்டு, அந்தத் தொகைக்குரிய பில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 426-ஐ இரண்டாம் முறை எடுக்கும்போது யாராவது ஒருவர் கையைத் தூக்குவார்.