சலைன் எப்போது தீரும்?

காலை 10 மணிக்கு 500 மில்லி சலைன் ஏற்றத் தொடங்குகிறார்கள். நிமிடத்துக்கு 40 சொட்டு. எப்போது தீரும்? இதற்கு இன்னொரு எண் வேண்டும்: ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது. அது டிரிப் செட்டின் உறையிலேயே அச்சாகியிருக்கும். சாதாரண செட்டில் 10, 15 அல்லது 20. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60.

நம் செட் 20 என்றால், 500 மில்லியில் மொத்தம் 10,000 சொட்டு. அதை 40-ஆல் வகுத்தால் 250 நிமிடம், அதாவது 4 மணி 10 நிமிடம். பிற்பகல் 2.10-க்குத் தீரும். உறையைப் பார்க்காமல் 15 என்று எடுத்துக்கொண்டால் விடை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிடும். மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், வகுத்தலில் அல்ல.

கணக்கு சரியா என்று பாட்டிலே சொல்லும். மணிக்கு 120 மில்லி இறங்க வேண்டும். 11 மணிக்கு 380 மீதி இருக்க வேண்டும். 420 இருந்தால் வேகம் குறைந்திருக்கிறது. நோயாளி கையை மடக்கியிருக்கலாம், குழாய் முறுக்கியிருக்கலாம், ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கலாம். காரணத்தைச் சரிசெய்து, ஒரு முழு நிமிடம் சொட்டுகளை எண்ணி, மீதி 420-க்குப் புதிதாகக் கணக்கிட வேண்டும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று தானாக வேகத்தைக் கூட்டக்கூடாது; இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு அது மூச்சுத்திணறலில் முடியலாம்.