படித்த பள்ளியும் படித்த புத்தகமும்

வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து பலர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில், எழுத்துக்கு நான்கு அளவுகோல்களும் பேச்சுக்கு நான்கு அளவுகோல்களும் உண்டு. இரண்டிலும் இடம்பெறும் ஓர் அளவுகோல் இலக்கண வீச்சும் துல்லியமும். நான்குக்கும் ஒரே எடை என்பதால், ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணிலும் கால் பங்கு இதைச் சார்ந்தது. வீச்சு என்பது எத்தனை விதமான வாக்கிய அமைப்புகளைக் கையாள முடிகிறது என்பது. துல்லியம் என்பது அவை பிழையின்றி வருகின்றனவா என்பது. இரண்டுக்கும் சேர்த்தே ஒரு மதிப்பெண் தரப்படுகிறது.

தேர்வை நடத்துபவர்கள் வெளியிட்டுள்ள மதிப்பீட்டு விளக்கங்களைப் படித்தால் இதன் பொருள் தெளிவாகும். எழுத்துத் தேர்வில் 5ஆம் நிலையில் இருப்பவரும் சிக்கலான வாக்கியங்களை முயல்கிறார். ஆனால் அவை பிழைபடுகின்றன, எளிய வாக்கியங்களே சரியாக வருகின்றன. 6இல் எளியதும் சிக்கலானதும் கலந்து வருகின்றன. 7இல் சிக்கலான அமைப்புகள் பலவாக இருப்பதோடு, பிழையற்ற வாக்கியங்களும் அடிக்கடி வர வேண்டும். ஆக, பெரிய வாக்கியம் எழுதிவிட்டதற்காக மட்டும் யாரும் 7க்குப் போவதில்லை. பயிற்சி வகுப்புகளில் கண்டிஷனல், ரிலேட்டிவ் கிளாஸ் என்ற இரண்டு பெயர்களும் ஓயாமல் ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. முதலாவது ‘இப்படி நடந்தால் அப்படி ஆகும்’ என்ற நிபந்தனை வாக்கியம். இரண்டாவது ஒரு பெயரை விளக்க அதனோடு ஒட்டிவரும் சிறு வாக்கியம். எந்தத் தலைப்பிலும் இரண்டும் இயல்பாகத் தேவைப்படும். தமிழில் சிந்திப்பவர் வழுக்குகிற இடங்களும் இவற்றில் ஏறக்குறைய நிலையானவை.

நிபந்தனையை முதலில் பார்க்கலாம். ‘பணம் இருந்தால் வீடு வாங்குவேன்’ என்று அடுத்த மாதம் கடன் கிடைக்கப்போகிறவரும் சொல்லலாம், வீடு வாங்க வழியே இல்லாதவரும் சொல்லலாம். தமிழில் வாக்கியம் மாறாது. பேசுபவரின் நிலைமையை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலம் அந்த வேறுபாட்டை வினைச்சொல்லிலேயே காட்டச் சொல்கிறது. நடக்க வாய்ப்புள்ளதென்றால் “இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் பை எ ஹவுஸ்”. வெறும் கற்பனை என்றால் “இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை எ ஹவுஸ்”. இரண்டாவதில் ‘ஹேட்’ இறந்தகால வடிவம்தான், ஆனால் பேசப்படுவது நேற்றைய செய்தி அன்று. காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளுவதன் மூலம் ‘இது உண்மை நிலை இல்லை’ என்று ஆங்கிலம் அறிவிக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் மிகப் பரவலான ஒரு பிழை விலகிவிடும். கற்பனையை உணர்த்த ‘வுட்’ வேண்டும் என்று கற்றவர் அதை இரண்டு பக்கமும் வைத்து “இஃப் ஐ வுட் ஹேவ் மணி, ஐ வுட் பை” என்கிறார். ‘இஃப்’ நிற்கும் பக்கத்தில் காலம் பின்தள்ளப்பட்ட வினையே வேலையை முடித்துவிடுகிறது. ‘வுட்’டின் இடம் விளைவைச் சொல்லும் பக்கம் மட்டுமே. உண்மையான வாய்ப்பைச் சொல்லும்போதும் இதே விதி பொருந்தும்: “இஃப் இட் வில் ரெயின்” என்பது பிழை, “இஃப் இட் ரெயின்ஸ்” என்பதே சரி.

இந்த அமைப்புக்குப் பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதி நல்ல களம். நான்கைந்து நிமிடங்கள் நீளும் அந்த உரையாடலில் பொதுவான, கருத்து சார்ந்த கேள்விகள் வரும். எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் நகரங்கள் எப்படி மாறும் என்று ‘வுட்’ போட்டே தேர்வாளர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு எழுதுபவர் இப்படித் தொடங்குகிறார்: “இஃப் எவ்ரிஒன் வொர்க்ட் ஃப்ரம் ஹோம், த ரோட்ஸ் வுட் பி எம்ப்டி.” தொடக்கம் பிழையற்றது. அடுத்த வாக்கியம்: “பீப்பிள் வில் சேவ் டைம் அண்ட் தே வில் ஸ்பெண்ட் இட் வித் தேர் ஃபேமிலி.” இங்கே கற்பனை உலகம் கலைந்து, எதிர்காலத் திட்டமாகிவிட்டது. முதல் வாக்கியம் மனப்பாடமாக வந்ததோ என்ற ஐயமும் எழும். ‘வில்’ வரும் இடங்களில் ‘வுட்’ வைத்தால் போதும். ‘இஃப்’ மறுபடி தேவையில்லை. ஒருமுறை விரித்த கற்பனைக்குள்ளேயே மூன்று நான்கு வாக்கியங்கள் நிலையாக நிற்பதுதான் இந்த அமைப்பு கைவசம் இருப்பதற்கான அடையாளம். ஐந்து முறை ‘இஃப்’ சொல்வதைவிட இது கடினமானது, மதிப்பும் இதற்கே அதிகம். எனவே விடை சொல்லும் முன், கேள்வியில் கேட்டது ‘வில்’லா ‘வுட்’டா என்று காதைத் தீட்டிக் கேட்பது நல்லது.

நடந்து முடிந்ததைப் பற்றிய கற்பனையில் தமிழர்களுக்குச் சற்று வசதி உண்டு. ‘அந்த பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால் அவரைச் சந்தித்திருக்க மாட்டேன்’ என்று தமிழும் வினையிலேயே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. ‘இருந்தால்’ இருக்கும் இடத்தில் ‘ஹேட்’, ‘இருப்பேன்’ இருக்கும் இடத்தில் ‘வுட் ஹேவ்’: “இஃப் ஐ ஹேட் மிஸ்ட் தட் பஸ், ஐ வுட் நாட் ஹேவ் மெட் ஹிம்.” ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேசும் இரண்டாம் பகுதியில் பழைய நிகழ்ச்சி ஒன்றை விவரிக்கச் சொல்வது வழக்கம். அந்தக் கதையின் முடிவில் இப்படி ஒரு வாக்கியம் தானாகவே பொருந்தும். ‘நான் பறவையாக இருந்தால்’ என்ற ரகத்தில் மனப்பாடம் செய்த வரியைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் செருகுவது வேறு. அது பயன்படாது.

ரிலேட்டிவ் கிளாஸில் சிக்கல் இன்னும் ஆழமானது. தமிழில் இந்த வேலையைச் செய்வது பெயரெச்சம். ‘நான் படித்த புத்தகம்’, ‘நான் படித்த பள்ளி’, ‘நான் பழம் நறுக்கிய கத்தி’ என்று மூன்றும் ஒரே வார்ப்பில் வருகின்றன. புத்தகம் படிக்கப்பட்ட பொருள், பள்ளி படித்த இடம், கத்தி நறுக்க உதவிய கருவி. அந்த உறவை எந்தச் சொல்லும் குறிப்பதில்லை, கேட்பவரே விளங்கிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் அதைச் சொல்லால் காட்டியாக வேண்டும். புத்தகத்துக்கு “த புக் விச் ஐ ரெட்” போதும். பள்ளிக்கு “த ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீட்”, அல்லது கடைசியில் ‘இன்’ சேர்த்து “த ஸ்கூல் விச் ஐ ஸ்டடீட் இன்”. கத்திக்கு முடிவில் ‘வித்’ வேண்டும். தமிழ் வார்ப்பிலேயே யோசித்து “த ஸ்கூல் விச் ஐ ஸ்டடீட்” என்று நிறுத்துபவர், பள்ளியையே ஒரு பாடமாக எடுத்துப் படித்ததாகச் சொல்லிவிடுகிறார். வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால் சரியா என்று தெரிந்துவிடும். ‘ஐ ஸ்டடீட் த ஸ்கூல்’ என்று சொல்ல முடியாதென்றால், ஒட்டிய வாக்கியத்திலும் ‘இன்’ அல்லது ‘வேர்’ விடுபட்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. “த ஃபிலிம் விச் ஐ சா இட் யெஸ்டர்டே” என்பதில் ‘இட்’ மிகை. ‘விச்’ ஏற்கெனவே படத்தைக் குறித்துவிட்டது. வேகமாகப் பேசும்போது இந்த ‘இட்’ நுழைந்துவிடும், பேசியவருக்கே தெரியாது. ஒலிப்பதிவைக் கேட்டால்தான் பிடிபடும்.

அடுத்தது காற்புள்ளி. ‘மதுரையில் இருக்கும் என் அண்ணன்’ என்றால் அண்ணன் ஒருவரா பலரா என்று தமிழ் வாக்கியம் சொல்வதில்லை. ஆங்கில எழுத்தில் காற்புள்ளி அதைச் சொல்லிவிடும். “மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை” என்று காற்புள்ளியின்றி எழுதினால், பல சகோதரர்களில் மதுரைக்காரர் என்று பொருள். ‘பிரதர்’ என்பதன் பின்னும் ‘மதுரை’ என்பதன் பின்னும் காற்புள்ளி வந்தால், சகோதரர் ஒருவரே, மதுரை கூடுதல் தகவல். காற்புள்ளி போட்ட வகையில் ‘ஹூ’, ‘விச்’ ஆகியவற்றுக்குப் பதிலாக ‘தட்’ வரக்கூடாது. பேச்சில் காற்புள்ளியின் வேலையைச் சிறு நிறுத்தமும் குரலின் இறக்கமும் செய்கின்றன. எழுத்துத் தேர்வின் இலக்கண மதிப்பீட்டில் நிறுத்தக்குறிகளும் சேர்த்தி என்பதால் இதை அலட்சியம் செய்ய முடியாது.

இரண்டு அமைப்புகளும் ஒரு பத்தியில் எப்படிச் சேரும் என்பதற்கு, 40 நிமிடத்தில் 250 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டிய கட்டுரையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். நகர மையங்களில் தனியார் கார்களைத் தடை செய்யலாமா என்பது தலைப்பு. முதல் வடிவம்: “மெனி பீப்பிள் டிரைவ் டு வொர்க். தே லிவ் ஃபார் ஃப்ரம் தேர் ஆஃபீசஸ். த கவர்ன்மென்ட் ஷுட் இம்ப்ரூவ் பஸ் சர்வீசஸ். தென் தே வில் லீவ் தேர் கார்ஸ் அட் ஹோம்.” பிழையே இல்லை, ஆனால் நான்கும் ஒரே மாதிரியான குட்டை வாக்கியங்கள். காரில் போவதற்கும் தொலைவில் வசிப்பதற்கும் உள்ள தொடர்பையும் வாசகரே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

திருத்திய வடிவம்: “மெனி பீப்பிள் ஹூ லிவ் ஃபார் ஃப்ரம் தேர் ஆஃபீசஸ் டிரைவ் டு வொர்க். இஃப் த கவர்ன்மென்ட் இம்ப்ரூவ்ட் பஸ் சர்வீசஸ், சம் ஆஃப் தெம் வுட் லீவ் தேர் கார்ஸ் அட் ஹோம்.” இப்போது யாரைப் பற்றிய பேச்சு என்பது கூர்மையாகிவிட்டது: காரில் போகும் எல்லாரையும் பற்றியதல்ல, தொலைவில் வசிப்பவர்களைப் பற்றியது. ‘இம்ப்ரூவ்ட்’, ‘வுட்’ என்ற தேர்வு, அரசு அதைச் செய்யும் நிலை இன்னும் வரவில்லை என்ற எழுதுபவரின் பார்வையைக் காட்டுகிறது. ‘இம்ப்ரூவ்ஸ்’, ‘வில்’ என்று எழுதினாலும் இலக்கணம் சரிதான், அப்போது அது நடக்கக்கூடிய திட்டமாக ஒலிக்கும். எது சரி என்பதைவிட எது சொல்ல வந்த பொருள் என்பதே அங்கே கேள்வி.

இதே ஆர்வத்தில் ‘ஹூ’, ‘விச்’, ‘இஃப்’ மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடைப்பவர்களுக்குப் பெரும்பாலும் எழுவாயும் பயனிலையும் பொருந்தாமல் போகின்றன. “பீப்பிள் ஹூ லிவ்ஸ்” என்ற பிழை அப்படி வருவதே. ‘ஹூ’வுக்குப் பின் வரும் வினை, முன்னால் நிற்கும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். ‘பீப்பிள்’ பன்மை என்பதால் ‘லிவ்’ என்றே வரும். “விச் இஸ் குட் ஃபார் சொசைட்டி” என்று ‘விச்’சில் தொடங்கித் தனி வாக்கியமாக முற்றுப்புள்ளி வைப்பதும் கட்டுரையில் பிழை. பேச்சில் உறுத்தாது. எழுத்தில் முந்தைய வாக்கியத்தோடு காற்புள்ளியால் சேர்த்தாக வேண்டும்.

எழுத்துத் தேர்வின் இரண்டு பணிகளுக்கும் சேர்த்து 60 நிமிடம். இறுதியில் மூன்று நான்கு நிமிடங்களை ஒதுக்கினால் இந்தப் பிழைகளை மட்டும் தேடிவிடலாம். இரண்டாம் பணிக்கு முதலாவதைப்போல் இரு மடங்கு எடை என்பதால் கட்டுரையிலிருந்து தொடங்குவது பொருத்தம். விரலை ஒவ்வொரு ‘இஃப்’ மேலும் வைத்து, அந்தப் பக்கத்தில் ‘வில்’லோ ‘வுட்’டோ நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’டுக்கும் போய், முன்னால் நிற்பது ஒருமையா பன்மையா, பின்னால் மிகையான ‘இட்’ இருக்கிறதா, ‘இன்’ அல்லது ‘வித்’ விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேரம் மிஞ்சினால் காற்புள்ளிகளைக் கடைசியாகச் சரிபார்க்கலாம்.