ஒரு விழுக்காடு போதும், இழை இரண்டாக இருந்தால்

காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில் ஒரு துண்டு நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீளம் 1,000 கார இணைகள். அதில் சைட்டோசின் 33 விழுக்காடு என்பது மட்டும் தெரியும். அடினைன், தைமின், குவானைன் ஆகிய மற்ற மூன்று காரங்களும் எத்தனை? ஆய்வகத்துக்குப் போகாமல், காகிதத்திலேயே இதற்கு விடை கண்டுவிடலாம்.

இப்படிக் கணக்கிட வழிகாட்டியவர் எர்வின் சார்காஃப். நான்கு காரங்களும் எல்லா உயிர்களிலும் சம அளவில் இருக்கும் என்ற எண்ணம் அவர் காலத்தில் பரவலாக இருந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பல உயிர்களின் டி.என்.ஏ.வைச் சிதைத்துக் காரங்களைத் தனித்தனியாகப் பிரித்தார். அவை புறஊதாக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதைக் கொண்டு ஒவ்வொன்றின் அளவையும் கண்டார். நான்கும் சமமில்லை, உயிருக்கு உயிர் அளவு மாறியது. ஆனால் எந்த உயிரை எடுத்தாலும் அடினைனும் தைமினும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன; குவானைனும் சைட்டோசினும் அப்படியே. 1950-இல் அவர் இதை எழுதியபோது காரணம் தெரியவில்லை. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை முன்வைத்ததும் அது விளங்கியது. ஓர் இழையில் அடினைன் இருக்கும் இடத்துக்கு எதிரே மற்ற இழையில் தைமின்தான் நிற்கும். குவானைனுக்கு எதிரே சைட்டோசின்தான். சோடி சோடியாக நிற்பவை எண்ணிக்கையில் சமமாகத்தானே இருக்க முடியும்?

இனிக் கணக்குக்கு வருவோம். முதலில் மொத்தக் காரங்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். ஓர் இணையில் இரண்டு காரங்கள் உண்டு. ஆகவே 1,000 இணைகளில் 2,000 காரங்கள். இதில் சைட்டோசின் 33 விழுக்காடு, அதாவது 660. அதன் சோடியான குவானைனும் 660. இரண்டும் சேர்ந்து 1,320. மீதியுள்ள 680, அடினைனுக்கும் தைமினுக்கும் சரிபாதியாகப் போகும்: ஆளுக்கு 340. நான்கையும் கூட்டினால் 2,000 வருகிறது, கணக்கு சரி.

இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளையும் இதிலிருந்தே எண்ணலாம். குவானைன்–சைட்டோசின் இணைக்கு மூன்று, அடினைன்–தைமின் இணைக்கு இரண்டு. 660 இணைகளில் 1,980, 340 இணைகளில் 680. மொத்தம் 2,660 பிணைப்புகள்.

இரட்டை இழையில் எந்த ஒரு காரமும் 50 விழுக்காட்டைத் தாண்ட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதன் சோடிக்கும் அதே அளவு இடம் வேண்டுமே. கேள்வியில் அடினைன் 60 விழுக்காடு என்றிருந்தால், அது ஓர் இழையின் அளவாக இருக்க வேண்டும். இல்லையேல் கேள்வியே தவறு.

ஓர் இழையின் அளவு என்றால் கணக்கு மாறிவிடும். அதே துண்டில் ஓர் இழையை மட்டும் எடுத்துப் பார்க்கையில், அதன் 1,000 காரங்களில் அடினைன் 10 விழுக்காடு, அதாவது 100 என்று தெரிகிறது. அதே இழையில் தைமினும் 100 என்று எழுதிவிடக் கூடாது. எதிர் இழையில் தைமின் 100 என்பது மட்டுமே உறுதி. மொத்தத் தைமின் 340 என்பதால், மீதி 240 இந்த இழையில்தான் இருக்க வேண்டும். ஆக ஓர் இழைக்குள் அடினைன் 100, தைமின் 240. இரண்டு இழைகளையும் சேர்த்தால் இரண்டும் 340. சமநிலை இழைக்குள் இல்லை, இழைகளுக்கு இடையே இருக்கிறது.

எதிர் இழையே இல்லாவிட்டால்? பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை-எக்ஸ் 174 என்ற வைரஸின் டி.என்.ஏ.வில் மொத்தம் 5,386 காரங்கள். அவற்றில் அடினைன் சுமார் 24 விழுக்காடு, தைமினோ சுமார் 31 விழுக்காடு. அளவீட்டுப் பிழையால் சிறு வேறுபாடு வருவதுண்டு. ஏழு விழுக்காடு அப்படி வருவதல்ல. ராபர்ட் சின்ஷைமர் 1959-இல் இந்த வைரஸின் டி.என்.ஏ. ஒற்றை இழைதான் என்று காட்டியபோது, காரங்களின் இந்தப் பொருத்தமின்மையும் ஒரு சான்றாக நின்றது. ஆகவே விழுக்காட்டைத் தொடும் முன் ‘இரட்டை இழை’ என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால் ஓர் எண்ணிலிருந்து மற்ற மூன்றும் கிடைக்கும். இல்லையென்றால் நான்கையும் அளந்தே அறிய வேண்டும்.