கொஞ்சம் ஏறினால் லாபம், நிறைய ஏறினால் நஷ்டம்

நிஃப்டி ஏறும் என்று நம்பி ஒருவர் கால் ஆப்ஷன் வாங்குகிறார். நினைத்தபடியே நிஃப்டி ஏறவும் செய்கிறது. ஆனால் மாதக் கடைசியில் பார்த்தால் கணக்கில் நஷ்டம். ஆப்ஷன் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பலரும் முதலில் குழம்பும் இடம் இதுதான். நிஃப்டி 25,000-இல் இருக்கும்போது, ஒரு மாதத்துக்குள் முடிகிற 25,000 கால் ஆப்ஷனை 330 ரூபாய் பிரீமியம் கொடுத்து வாங்கினால், எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 25,330-ஐத் தாண்டினால்தான் போட்ட காசு திரும்பும். 250 புள்ளி ஏறியிருந்தாலும் 80 ரூபாய் போச்சு.

‘ஏறும், ஆனால் ரொம்ப ஏறாது’ என்று கணிக்கிறவருக்கு அந்த 330 ரூபாய் உறுத்தும். அதைக் குறைக்க அவர் செய்கிற ஏற்பாடுதான் ரேஷியோ கால் ஸ்பிரெட். ஒரு கால் ஆப்ஷனை வாங்கிக்கொண்டு, அதற்கு மேலேயுள்ள ஸ்ட்ரைக்கில் இரண்டு கால் ஆப்ஷன்களை விற்பது. விற்ற இரண்டில் வரும் பிரீமியம், வாங்கியதன் செலவைக் கிட்டத்தட்ட அடைத்துவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் நாம் வைத்துக்கொண்டவை. எக்ஸ்பைரிக்கு 25 நாள் இருக்கையில், சந்தை அமைதியாக இருக்கும் மாதத்தில், இதையொட்டித்தான் இருக்கும். நிஃப்டி 25,000. அதே ஸ்ட்ரைக்கில் ஒரு கால் ஆப்ஷன் 330 ரூபாய்க்கு வாங்குகிறோம். 25,400 ஸ்ட்ரைக்கில் இரண்டு கால் ஆப்ஷன்களைத் தலா 150 ரூபாய்க்கு விற்கிறோம். கொடுத்தது 330, வந்தது 300. நிகரச் செலவு 30 ரூபாய். லாட்டுக்கு 65 யூனிட் என்று கொண்டால் 1,950 ரூபாய். லாட் அளவை என்எஸ்இ அவ்வப்போது மாற்றும் என்பதால், அன்றைய எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 25,000-க்குக் கீழே முடிந்தால் மூன்று ஆப்ஷனும் பூஜ்யம்; அந்த 30 ரூபாயோடு கதை முடியும். 25,030-ஐத் தாண்டியதிலிருந்து லாபம். 25,400-இல் முடிந்தால் வாங்கிய ஆப்ஷனின் மதிப்பு 400, விற்றவை இரண்டும் பூஜ்யம். செலவு போக 370 புள்ளி, அதாவது 24,050 ரூபாய். இதைவிட நல்ல முடிவு இந்த ஏற்பாட்டில் கிடையாது.

25,400-க்கு மேலே போகும்போதுதான் கணக்கு திரும்புகிறது. வாங்கிய ஒன்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ரூபாய் தருகிறது. விற்ற இரண்டும் சேர்ந்து இரண்டு ரூபாய் கேட்கின்றன. ஆக, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ரூபாய் கையைவிட்டுப் போகிறது. சேர்த்து வைத்த 370 ரூபாயும் 370 புள்ளியில் கரைந்துவிடும். 25,400-உடன் 370-ஐக் கூட்டினால் 25,770. நஷ்டம் தொடங்கும் இடம் அதுதான். அதற்கு மேல் எல்லையே இல்லை. 26,500-இல் முடிந்தால் 730 புள்ளி, 47,450 ரூபாய் நஷ்டம். ஏற்றத்தை எதிர்பார்த்து வந்தவர், ஏற்றத்தாலேயே அடிபடுகிறார்.

விற்ற இரண்டில் ஒன்றுக்கு, வாங்கிய ஆப்ஷன் காவல் நிற்கிறது. இன்னொன்றுக்குக் காவல் யாருமில்லை. புரோக்கரின் கணினிக்கு இது தெரியும். அதனால்தான் 1,950 ரூபாய் செலவுள்ள இந்த ஏற்பாட்டுக்கு மார்ஜினாக ஒரு லட்சத்துக்கும் மேல் கேட்கிறது. அந்தத் தொகையைப் பார்த்தாவது, இது மலிவான வியாபாரம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இரண்டுக்குப் பதில் மூன்று விற்றால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். விற்றதில் 450 வரும், வாங்கியதற்கு 330 போகும், 120 ரூபாய் முதலிலேயே கையில் நிற்கும். இறங்கினாலும் லாபம் என்பதால் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உச்ச லாபமும் 520 புள்ளியாக உயர்கிறது. ஆனால் 25,400-க்கு மேலே இப்போது காவலில்லாதவை இரண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு ரூபாய் போகும் என்பதால், 520 ரூபாய் 260 புள்ளியிலேயே தீர்ந்துவிடும். நஷ்ட எல்லை 25,770-லிருந்து 25,660-க்கு இறங்கி வந்துவிட்டது. அதைத் தாண்டினால் அடியும் இரட்டிப்பு. எந்த விகிதத்துக்கும் கணக்கு இதுதான்: உச்ச லாபத்தை, காவலில்லாத ஆப்ஷன்களின் எண்ணிக்கையால் வகுத்து, விற்ற ஸ்ட்ரைக்கோடு கூட்ட வேண்டும். கையில் வருகிற பிரீமியத்தைப் பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு.

இனி, பலர் கவனிக்கத் தவறுகிற விஷயம். 25,770 என்பது எக்ஸ்பைரி அன்றைக்கு மட்டும் பொருந்துகிற எண். அதற்கு முந்தைய நாட்களில் நஷ்டம் அதற்கு வெகு கீழேயே காத்திருக்கும்.

வாங்கி மூன்று நாளில் நிஃப்டி விறுவிறுவென்று 25,500-க்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நஷ்ட எல்லைக்கு இன்னும் 270 புள்ளி இருக்கிறதே என்று நிம்மதியாகப் புரோக்கரின் செயலியைத் திறந்தால் சிவப்பாக நிற்கும். எக்ஸ்பைரிக்கு 22 நாள் இருப்பதால் விற்ற ஆப்ஷன்களில் கால மதிப்பு இன்னும் கொழுத்துக் கிடக்கிறது. 25,000 கால் சுமார் 655 ரூபாய்க்கு ஏறியிருக்கும். 25,400 காலோ 150-லிருந்து 360-க்குத் தாவியிருக்கும். அப்போதே முடித்துக்கொள்ள நினைத்தால் 655 வரும், 720 போகும். போட்ட 30-ஐயும் சேர்த்தால் 95 புள்ளி, 6,175 ரூபாய் நஷ்டம். இதே 25,500-இல் எக்ஸ்பைரி முடிந்திருந்தால் 270 புள்ளி லாபம்! வேகமான ஏற்றத்தோடு சந்தையின் பதற்றமும் கூடினால், விற்ற ஆப்ஷன்களின் பிரீமியம் இன்னும் வீங்கும்.

ஆகவே ‘மிதமாக ஏறும்’ என்ற கணிப்பு மட்டும் போதாது. ஏற்றம் மெதுவாக வர வேண்டும், கடைசி வாரத்தில் 25,400-ஐ ஒட்டி வந்து நிற்க வேண்டும். திசை, தூரம், வேகம் மூன்றும் சரியாக அமைய வேண்டிய வியாபாரம் இது.

ஸ்டாப் லாஸ் போட்டுக்கொண்டால் போதாதா? மெல்ல நகரும் சந்தையில் அது உதவும். ஆனால் ஒரே இரவில் சந்தை தாண்டிக் குதிக்கும்போது நடுவில் எந்த விலையிலும் வியாபாரம் நடப்பதில்லை. 2024 மே 31-ஆம் தேதி நிஃப்டி 22,530-இல் முடிந்தது. அந்த வார இறுதியில் மக்களவைத் தேர்தல் வாக்குக் கணிப்புகள் வெளியாயின. ஜூன் 3, திங்கட்கிழமை காலை மணியடித்தபோதே சந்தை பல நூறு புள்ளி மேலே திறந்தது. அன்று 733 புள்ளி ஏறி 23,263-இல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் 1,379 புள்ளி விழுந்தது வேறு கதை. வெள்ளிக்கிழமை கால் ஆப்ஷனை ஹெட்ஜ் இல்லாமல் விற்றுவிட்டுப் போனவருக்கு, திங்களன்று ஸ்டாப் லாஸ் விலை கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. இதைவிடப் பெரிய உதாரணம் 2009 மே 18. தேர்தல் முடிவுக்கு மறுவேலைநாளான அன்று நிஃப்டி சுமார் 17.7 சதவீதம் எகிற, அன்றைய வர்த்தகமே நிறுத்தப்பட்டது. வெளியேற நினைத்தவருக்குக் கதவே திறக்கவில்லை.

நஷ்டத்துக்கு உண்மையான கூரை போட ஒரே வழி, காவலில்லாத அந்த ஆப்ஷனுக்கும் ஒரு காவல் வாங்கிவிடுவது. நம் கணக்கில் 26,000 கால் ஆப்ஷன் 30 ரூபாய்க்குக் கிடைக்கும். அதையும் வாங்கினால் மொத்தச் செலவு 60 ஆகிறது. உச்ச லாபம் 340 புள்ளி, 22,100 ரூபாய். நஷ்டம் தொடங்குமிடம் 25,740. ஆனால் 26,000-க்கு மேல் நிஃப்டி எங்கே போனாலும் நஷ்டம் 260 புள்ளிதான். 16,900 ரூபாய்க்கு மேல் ஒரு காசு கூடாது, புரோக்கரேஜும் வரியும் தனி. மார்ஜினும் கணிசமாகக் குறையும். இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் 25,800 காலை 50 ரூபாய்க்கு வாங்கலாம். உச்ச லாபம் 320 ஆகக் குறையும், மேல்பக்க நஷ்டமோ வெறும் 80 புள்ளி, 5,200 ரூபாய். இந்த இரண்டாவது அமைப்பைச் சந்தையில் பட்டர்ஃபிளை என்பார்கள்.

வெறும் 50 புள்ளி லாபத்தை விட்டுக்கொடுத்து எல்லையில்லா நஷ்டத்தை 80 புள்ளிக்குள் அடக்க முடிகிறபோது, சம்பளக்காரர் ஒருவர் ஹெட்ஜ் இல்லாத ரேஷியோவைக் கையில் வைத்திருக்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. நாள் முழுக்கத் திரையின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு கணக்குப் போடலாம்.

இந்தக் காவலை முதல் நாளே வாங்க வேண்டும். முன்பு பார்த்த வேகமான ஏற்றத்தில், நிஃப்டி 25,500-க்கு வந்த மூன்றாம் நாள் 26,000 காலும் 30-லிருந்து சுமார் 100-க்குப் போயிருக்கும். ஆரம்பத்திலேயே வாங்கியவருக்கு அந்த 70 புள்ளி கைகொடுத்து, 95 புள்ளி நஷ்டம் 25 ஆகச் சுருங்கும். ‘தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டவர் மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆர்டர் போடும் வரிசையும் முக்கியம். வாங்க வேண்டிய இரண்டையும் முதலில் வாங்கிவிட்டு, பிறகு விற்க வேண்டும். முதலில் விற்றால், வாங்கும்வரை ஹெட்ஜ் இல்லாத மார்ஜினைக் கேட்கும். பணம் போதாவிட்டால் ஆர்டரே நிராகரிக்கப்படும். பாதி ஆர்டர் நடந்து பாதி நின்றுபோனால் அதைவிட மோசம்.

நிஃப்டி ஆப்ஷன்களில் எக்ஸ்பைரி அன்று பணமாகவே கணக்கு முடிந்துவிடும். தனிப் பங்குகளின் ஆப்ஷன்களில் பங்கையே ஒப்படைக்க வேண்டும். காவலில்லாத கால் ஆப்ஷனை விற்றுவிட்டு எக்ஸ்பைரி வரை விட்டால், இல்லாத பங்கைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் வரும். அங்கே இந்த ரேஷியோவைத் தொடாமலிருப்பதே நல்லது.

எல்லாம் நினைத்தபடி நடந்து, எக்ஸ்பைரிக்கு இரண்டு நாள் முன்பு நிஃப்டி 25,400-இல் நிற்கிறது என்போம். 25,000 கால் சுமார் 410, 25,400 கால் சுமார் 80. முடித்துக்கொண்டால் 250 வரும். நான்கு ஆப்ஷன்களுக்குமான 60 ரூபாய் செலவு போக 190 புள்ளி லாபம். மீதி 150 புள்ளிக்காக இன்னும் இரண்டு நாள் காத்திருக்கலாம்தான். ஆனால் இந்த நேரத்தில் சந்தையின் ஒரு சிறு துள்ளல்கூட லாபத்தைப் பெரிதாக மாற்றும். பாதிக்கு மேல் கைக்கு வந்தபின் கிளம்பிவிடுவதே என் கட்சி. வெளியேறும்போது முதலில் விற்ற இரண்டையும் திரும்ப வாங்க வேண்டும், பிறகு 25,000 காலை விற்க வேண்டும். அப்போது ஒன்றிரண்டு ரூபாய்க்குத் தேய்ந்து கிடக்கும் 26,000 காலைக் கடைசியாகத்தான் கைவிட வேண்டும். ‘இது எப்படியும் பூஜ்யம்தான்’ என்று அதை முன்கூட்டியே விற்கிறவருக்கு நூறு ரூபாய்கூட முழுசாகக் கிடைக்குமோ என்னவோ, மார்ஜின் மட்டும் அந்த நொடியே பழையபடி லட்சத்துக்கு எகிறும்.