காலை ஏழரை மணிக்கு வரும் மீன் பட்டியல்

சென்னைப் புறநகர்களில் இப்போது பல மீன்கடைகள் கதவைத் திறப்பதற்கு முன்பே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வியாபாரத்தைத் தொடங்கிவிடுகின்றன. ஐஸ் மேல் பரப்பிய மீன்களின் படம், அதன்கீழ் நாலைந்து வரி. அந்த வரிகளைப் படிக்கத் தெரிந்தால் எந்த மீனை, எந்த நேரத்தில், என்ன கேள்வி கேட்டு வாங்குவது என்பது வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். ஒரு மாதிரிப் பட்டியலை வைத்துப் பார்க்கலாம். இதில் உள்ள விலைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. மீன் விலை தினமும் மாறும்.

இன்று புது வரவு: காசிமேடு
வஞ்சிரம் (3 கிலோ மீன்): முழுசு கிலோ ₹850, துண்டு ₹1,150. 9 கிலோ உள்ளது
சங்கரா (கிலோவுக்கு 4–5): ₹450. 12 கிலோ
நெத்திலி: ₹250. 6 கிலோ
இறால் (தலையுடன், கிலோவுக்கு 40): ₹480. 8 கிலோ
சுத்தம் செய்வதற்கு முந்தைய எடைக்கே விலை (துண்டு நீங்கலாக)
முன்பதிவு 8.30 வரை. எடுக்கும் நேரம் 9.30 முதல் 12 வரை

இதில் பலரும் பார்க்காமல் தாண்டுவது, விலை எந்த எடைக்கு என்று சொல்லும் வரியைத்தான். என் கணக்கில் முதலில் படிக்க வேண்டியது அதுதான். இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். தலையையும் ஓட்டையும் நீக்கினால் ஏறக்குறைய பாதி எடைதான் மிஞ்சும். ஆக, ₹480 இறால் சட்டிக்குள் விழும்போது கிலோ ₹960 ஆகிவிடுகிறது. பக்கத்துத் தெருக் கடை ‘உரித்த இறால் ₹900’ என்று போட்டிருந்தால் அதைப் பார்த்ததும் விலை அதிகம் என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் அறுபது ரூபாய் குறைவு. ஆனால் உரித்த இறாலில் தலை இல்லாததால், அது எவ்வளவு புதியது என்று கண்டுபிடிக்கும் முக்கியமான அடையாளம் போய்விடுகிறது. பழசாகும் இறாலில் தலை கறுக்கும், உடலை விட்டுத் தொங்கும். அதனால் தெரிந்த கடை என்றால் உரித்தது, தெரியாத கடை என்றால் தலையுடன் வாங்கி நம் கண்முன் உரிக்கச் சொல்வது நல்லது.

வஞ்சிரத்திலும் இதே கணக்குதான். மூன்று கிலோ மீனை முழுசாக வாங்கினால் ₹2,550. தலை, குடல், வால் போக நல்ல துண்டுகளாக முக்கால் பங்கு, அதாவது இரண்டேகால் கிலோ கிடைக்கும். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ₹1,133 வருகிறது. துண்டு விலை ₹1,150 என்பது இதற்கு வெகு அருகில் இருக்கிறது. வெட்டும் கூலியையும் பார்த்தால் கடைக்காரர் நியாயமாகவே விலை வைத்திருக்கிறார். முழுசாக வாங்கும் வீட்டுக்குக் குழம்பு வைக்கத் தலையும் கூடவே வந்துவிடும். துண்டு மட்டும் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “அக்கா, இதுல தலைத்துண்டும் சேர்த்து எடை போடுவீங்களா, நடுத்துண்டு மட்டுமா?” பதில் கடைக்குக் கடை வேறுபடும். அதில்தான் கிலோவுக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய் ஒளிந்துகொண்டிருக்கும்.

அடுத்தது ‘புது வரவு’. காசிமேட்டில் ஏலம் விடியலுக்கு வெகு நேரம் முன்பே தொடங்கிவிடும். கடைக்காரர்கள் இருட்டிலேயே போய், ஏலம் எடுத்தவரிடம் கூடை கூடையாக வாங்கி, ஐஸ் போட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். கடையில் ஐஸ் தண்ணீரை வடியவிட்டு மறுபடி எடை போட்ட பிறகே கையில் எத்தனை கிலோ இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும். பட்டியல் ஏழரைக்கு முன் வராததற்கு அதுதான் காரணம். ஆனால் இன்று ஏலத்துக்கு வந்த மீனெல்லாம் இன்று பிடித்த மீன் இல்லை. விசைப்படகுகள் பல நாள் கடலிலேயே தங்கி, பிடித்ததை ஐஸில் வைத்துக்கொண்டு திரும்புகின்றன. அந்த மீனின் வயது சில நாட்கள் இருக்கும். ஐஸ் சரியாக இருந்தால் அதில் தவறில்லை. பைபர் படகில் இரவு போய் விடியலில் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் மீன்தான் அந்த வகையில் மிகப் புதிது. நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களை வாங்கும்போது “எந்தப் படகு மீன்?” என்று கேட்டுவிடுவது நல்லது. சிறு மீன் சீக்கிரம் கெடும், அதன் வயிறு முதலில் உடையும். வயிறு வெடித்த நெத்திலி படத்திலேயே தெரிந்துவிடும்.

இருப்புக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘9 கிலோ வஞ்சிரம்’ என்றால் மூன்று கிலோ மீன் மூன்று இருக்கிறது என்று அர்த்தம். மூன்று வீட்டார் ஆளுக்கு ஒன்று முழுசாகக் கேட்டுவிட்டால் நாலாவது வீட்டாருக்குத் துண்டுகூடக் கிடைக்காது. அரைக் கிலோ வேண்டியவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால், துண்டு போடுவதற்கென்று ஒரு மீனைக் கடைக்காரர் ஒதுக்கி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அதையும் எதிர்பார்க்காதீர்கள். அன்று விலையும் ஏறும், எட்டு மணிக்குள் பாதி தீர்ந்துவிடும். புரட்டாசியில் பலர் மீனைத் தொடுவதில்லை என்பதால் வாங்குகிறவர்களுக்கு விலை சாதகமாக இருக்கும்.

எடுக்கும் நேரம்தான் நாம் மிக அலட்சியமாக நடந்துகொள்ளும் இடம். கடையில் வெட்டுகிறவர் ஒருவர் அல்லது இருவர்தான் இருப்பார்கள். ஒரு கிலோ சங்கராவைச் செதில் எடுத்துக் கழுவுவதற்குள் அரைக் கிலோ நெத்திலியின் தலையைக்கூடக் கிள்ளி முடிக்க முடியாது. அதனால்தான் முன்பதிவு எட்டரைக்கு முடிகிறது. வெட்டிய மீன் முழு மீனைவிடச் சீக்கிரம் சூடேறும். வெட்டிய பக்கங்கள் அதிகம், மேலே காப்பாகத் தோல் இருக்காது, குழாய்த் தண்ணீரில் வேறு கழுவியிருக்கும்.

இது ருசி சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் போன்ற மீன்களைக் குளிர் இல்லாமல் வைத்தால் கிருமிகள் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்துக்கொண்டு மீன் சாப்பிடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஒருமுறை உண்டான ஹிஸ்டமினை எத்தனை கொதிக்க வைத்தாலும், எத்தனை மொறுமொறுப்பாகப் பொரித்தாலும் அழிக்க முடியாது. மீனின் நாற்றத்தை வைத்தும் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. தடுக்க ஒரே வழி, படகிலிருந்து நம் வீட்டு ஃபிரிட்ஜ் வரை குளிர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்குப் போனால், நடுவில் அந்தத் துண்டுகள் எங்கே இருந்தன என்று கேளுங்கள். ஐஸ் பெட்டியிலா, மேசை மேல் பாலிதீன் பையிலா? தாமதமாகும் என்று முன்பே தெரிந்தால் “நான் வந்த பிறகு வெட்டுங்க” என்று சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பட்டியல் அடியோடு மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விட்ட ஓய்வு அது. தடை இல்லாத பைபர் படகுகள் அப்போதும் போகும். ஆனால் அவை கொண்டுவருவது கொஞ்சம், அதனால் விலை ஏறும். மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியில் ஐஸ் போட்ட மீனும் வரும், ஏரி மீனும் வளர்ப்பு இறாலும் கூடும். மே மாதப் பட்டியலில் பெரிய வஞ்சிரம் நிறைய இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தவறில்லை. நேர்மையான கடைக்காரர் அதைக் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுவார்: ‘பாறை: கேரளா, ஐஸ் மீன்’, ‘கிழங்கான்: பைபர் படகு, இன்று காலை’. அந்த இரண்டு மாதமும் நான் இரண்டாவது வரியில் இருப்பதைத்தான் முதலில் பதிவு செய்வேன், ஒரு கிலோ வாங்கும் இடத்தில் அரைக் கிலோ கிடைத்தாலும்.