வழிகாட்டிப் பலகையை வரியாக்கும் விதம்

நெடுஞ்சாலையில் ஊர்ப்பெயரும் தூரமும் எழுதிய வழிகாட்டிப் பலகையைப் படமெடுத்து, அதிலுள்ள ஒவ்வோர் ஊரையும் அதற்குரிய தூரத்தோடு ஒரு வரியாக எழுதுவது சில நிமிட வேலை. திறந்த வரைபடங்களைத் திருத்துவோரும் சாலைப் பலகைகளைக் கணக்கெடுப்போரும் இதைச் செய்கிறார்கள். எழுத்தைப் படிப்பதில் அவ்வளவு சிரமம் இல்லை. எந்த எண் எந்த ஊருக்கு உரியது என்று சேர்ப்பதில்தான் பிழைகள் பெரும்பாலும் வருகின்றன. பலகையை வாக்கியம்போல இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டே போக முடியாது. அது கோடு போடாத அட்டவணை. ஊர்கள் ஒரு பக்கம், எண்கள் மறுபக்கம், திசைகாட்டும் அம்புக்குறிகள் ஓரத்தில்.

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர் திண்டிவனத்தை நெருங்கும்போது பார்க்கக்கூடிய பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பலகை கற்பனை, ஊர்களும் திசைகளும் உண்மை, தூரங்கள் தோராயமானவை. பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. மேல் பகுதியில் நேர் அம்புக்குறியோடு விழுப்புரம் 38, திருச்சிராப்பள்ளி 203. நடுவில் இடப்பக்க அம்புக்குறியோடு புதுச்சேரி 38. கீழே வலப்பக்க அம்புக்குறியோடு செஞ்சி 28, திருவண்ணாமலை 66. ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்கும் கீழே ஆங்கிலப் பெயர். எண் மட்டும் ஒரே முறை, இரண்டு பெயர்களுக்கும் நடு உயரத்தில் வலது ஓரமாக.

இந்த நடு உயரம்தான் பெரிய தொல்லை. எழுத்தறியும் மென்பொருள் ஒரே மட்டத்தில் இருப்பவற்றை ஒரே வரி என்று எடுத்துக்கொள்ளும். எண்ணோ தமிழ் வரியின் மட்டத்திலும் இல்லை, ஆங்கில வரியின் மட்டத்திலும் இல்லை. அதனால் 38 தனி வரியாக விழும், அல்லது அடுத்த ஊரோடு ஒட்டிக்கொள்ளும். சாலையோரத்தில் நின்று சாய்வாக எடுத்த படமானால் நிலைமை இன்னும் மோசம். வரிகள் சரிந்து, வலது ஓரத்து எண்கள் முக்கால் வரி மேலேயோ கீழேயோ நகர்ந்து நிற்கும். அப்படிப்பட்ட படத்தில் எண்கள் ஒட்டுமொத்தமாக ஒரு படி இறங்கிவிட்டால், விழுப்புரத்துக்குத் தூரமே இல்லை, திருச்சிக்கு 38 என்று ஆகிவிடும். ஒவ்வொரு எண்ணும் சரியாகப் படிக்கப்பட்டிருப்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பிழை கண்ணில் படாது.

ஆகவே எழுத்தைப் படிப்பதற்கு முன் படத்தை நேராக்க வேண்டும். பலகையின் நான்கு மூலைகளையும் குறித்து, அதைச் செவ்வகமாக இழுத்து நிறுத்தும் வசதி சாதாரணப் படத்திருத்த மென்பொருள்களிலேயே உண்டு. வெள்ளை எழுத்தைக் கறுப்பாகவும் பச்சைப் பின்னணியை வெளிறியதாகவும் மாற்றிக்கொண்டால் மென்பொருள் இன்னும் நன்றாகப் படிக்கும். இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளுக்குத் தமிழும் ஆங்கிலமும் கலந்த பலகையை இப்படிக் கொடுக்கலாம்:

```
tesseract board.png out -l tam+eng --psm 11 tsv
```

இதில் `--psm 11` என்பது பத்தி பத்தியாகத் தேடாமல், சிதறிக் கிடக்கும் சொற்களை அங்கங்கே பொறுக்கச் சொல்வது. கடைசியில் உள்ள `tsv` ஒவ்வொரு சொல்லும் படத்தில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துத் தரும். அந்த இட எண்களைக் கொண்டு முதலில் தமிழ்ப் பெயரையும் அதன் கீழுள்ள ஆங்கிலப் பெயரையும் ஒரு கட்டாக்க வேண்டும். பிறகு அந்தக் கட்டின் நடு உயரத்துக்கு மிக அருகில் இருக்கும் எண்ணை அதோடு சேர்க்க வேண்டும். கண்ணால் பார்த்து எழுதுபவருக்கும் இதே வரிசைதான் நல்லது: முதலில் கட்டு, பிறகு எண், கடைசியாக அம்புக்குறி. ஓர் அம்புக்குறி ஒரே ஊரோடு நிற்காமல், அந்தப் பகுதியிலுள்ள எல்லா ஊர்களுக்கும் பொருந்தும். செஞ்சிக்கு மட்டும் வலது என்று எழுதிவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திசையைக் காலியாக விடுவது அடிக்கடி நடப்பது.

```
விழுப்புரம் | Villupuram | 38 | நேர்
திருச்சிராப்பள்ளி | Tiruchirappalli | 203 | நேர்
புதுச்சேரி | Puducherry | 38 | இடது
செஞ்சி | Gingee | 28 | வலது
திருவண்ணாமலை | Tiruvannamalai | 66 | வலது
```

பலகையில் உள்ள எண்களெல்லாம் தூரம் அல்ல. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை 77. அந்தச் சாலை எண் கேடய வடிவக் கட்டத்துக்குள் அம்புக்குறியின் பக்கத்திலேயே இருக்கலாம். கேடயத்தைப் பொருட்படுத்தாத மென்பொருள் திருவண்ணாமலை 77 கிலோமீட்டர் என்று எழுதிவிடும். சரியான விடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தவறு என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அடைப்புக்குறிக்குள் வரும் ‘உளுந்தூர்பேட்டை வழி’ போன்ற குறிப்பும் தனி ஊர் ஆகாது. அது சேலம் வரியோடு சேர்ந்த விளக்கம். அதைத் தனி வரியாக்கினால் சேலத்தின் தூரம் உளுந்தூர்பேட்டைக்குப் போய்விடும்.

எழுத்துகளில் முதலில் காணாமல் போவது புள்ளி. தொலைவிலிருந்து எடுத்த படத்தில் ‘செஞ்சி’ ‘செஞசி’ ஆகும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றுபோலத் தெரியும். இதற்குக் கீழே இருக்கும் ஆங்கிலப் பெயர் துணைசெய்யும். ஆனால் ல, ள, ழ வேறுபாட்டை ஆங்கில எழுத்திலிருந்து மீட்க முடியாது. அங்கே தமிழ் வரிதான் சாட்சி. ஆங்கில எழுத்துக்கூட்டலும் பலகைக்குப் பலகை மாறும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அதனால் பலகையில் இருப்பதை இருக்கிறபடியே எழுதுவதுதான் முறை. ஊர் எது என்று இனங்காட்ட வேண்டுமானால் அதற்குத் தனியாக இன்னொரு பத்தி வைத்துக்கொள்ளலாம்.

எண்களில் 3, 8, 6 ஆகியவையும், 1, 7 ஆகியவையும் ஒன்றுக்கொன்று மாறும். புள்ளி மறைந்தால் 2.5 கிலோமீட்டர் 25 ஆகிவிடும். இரவில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் இது அதிகம், ஏனென்றால் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் தாளில்தான் இந்தப் பலகைகள் செய்யப்படுகின்றன. எழுத்து முழுவதும் வெளிறிப் போகும். படிக்க முடியாத இலக்கத்துக்கு ஊகித்த எண்ணைப் போடக் கூடாது, 2?3 என்று கேள்விக்குறியோடு விட வேண்டும். தூரமே எழுதாத ஊருக்கு அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே பூஜ்யம் போட்டால், ஊருக்குள்ளேயே நிற்கிறோம் என்று பொருளாகிவிடும்.

எல்லாம் எழுதி முடித்தபின் சரிபார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரே சாலையில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரம், எந்தப் பலகையிலிருந்து பார்த்தாலும் மாறாது. மேலே கண்ட பலகையில் திருச்சியும் விழுப்புரமும் 203, 38, வித்தியாசம் 165. பத்து கிலோமீட்டர் தள்ளி வரும் அடுத்த பலகையில் 193, 28 என்று இருந்தால் பொருந்துகிறது. 193, 23 என்று வந்தால் வித்தியாசம் 170 ஆகிறது. 8 என்பதை 3 என்று படித்திருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் வேறுபாடு தூரத்தை முழு எண்ணாக்கியதால் வரக்கூடியது, அதை விட்டுவிடலாம். ஆனால் இடையில் புறவழிச்சாலை வந்த இடங்களில் பழைய பலகையும் புதிய பலகையும் நாலைந்து கிலோமீட்டர் வேறுபடுவதுண்டு. படம் தெளிவாக இருந்து, எண்ணிலும் ஐயம் இல்லையென்றால், கணக்கு பொருந்தாவிட்டாலும் பலகை காட்டும் எண்ணையே வரியில் வைத்து, எடுத்த தேதியையும் இடத்தையும் பக்கத்தில் குறிக்க வேண்டும்.